கடைசியாக எப்போது மாற்றினோம்?

மே மாதத்தில் சென்னையின் தெற்குப் புறநகர்களில் ஆர்.ஓ. மெக்கானிக்குகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. போர்வெல் நீர் கீழே இறங்கி உப்பேறியிருக்கும். போதாததற்கு லாரித் தண்ணீர் வந்து சம்ப்பில் கலக்கும். மேடவாக்கம் பக்கத்தில் அப்படி ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சுத்திகரிப்பானின் குழாயில் பிடித்த தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை நனைத்தால் 104 என்று காட்டுகிறது. பொங்கல் சமயத்தில் பார்த்தபோது 43தான் இருந்தது. வந்த மெக்கானிக், "மெம்பரேன் போயிடுச்சு மேடம், மாத்திடலாம்" என்கிறார். இரு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறதே என்று அந்த மேடமும் தலையாட்டிவிடுவார். பெட்டிக்குள் இருப்பதிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று அந்த மெம்பரேன்.

அவர் தலையாட்ட வேண்டியதில்லை. அது தெரிய வேண்டுமானால் ஜனவரியில் 43 என்று எழுதிய அதே நாளில் இன்னொரு எண்ணையும் எழுதி வைத்திருக்க வேண்டும். சுத்திகரிப்பானுக்குள் போகும் தண்ணீரின் டிடிஎஸ் அது.

டிடிஎஸ் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்பதன் தோராயமான அளவு. மெம்பரேன் உள்ளே வரும் உப்பில் ஒரு பங்கைத் தடுத்துக் கழிவுக்குழாய்க்கு அனுப்புகிறது. அந்தப் பங்குதான் அதன் உடல்நிலையைச் சொல்லும். கணக்கு எளிது: உள்ளே போவதிலிருந்து வெளியே வருவதைக் கழித்து, உள்ளே போவதால் வகுக்க வேண்டும். ஜனவரியில் உள்ளே 620, வெளியே 43 என்றால் தடுப்பு 93 சதவீதம். மே மாதம் உள்ளே 1480, வெளியே 104 என்றால் அதுவும் 93 சதவீதம். மெம்பரேன் அப்படியே இருக்கிறது, தண்ணீர்தான் மாறியிருக்கிறது. இந்திய தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500 குடிநீருக்கு 500 வரை ஏற்கத்தக்கது என்று சொல்வதால், உப்பைப் பொறுத்தவரை 104 என்ற எண்ணில் கவலைப்பட ஏதுமில்லை.

அடுத்து நவம்பர். மழை பெய்து போர்வெல் தெளிந்திருக்கிறது, மெட்ரோ தண்ணீரும் ஒழுங்காக வருகிறது. குழாயில் 76. மே மாதத்தைவிடக் குறைவு என்பதால் யாரும் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் உள்ளே போவது 540. கணக்குப் போட்டால் தடுப்பு 86 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மெம்பரேன் உண்மையிலேயே பழுதாகத் தொடங்கியது இப்போதுதான். எண் ஏறியபோது தேவையில்லாமல் மாற்றவும், எண் இறங்கியபோது பழுதைக் கவனிக்காமல் விடவும் இருந்தோம். வீட்டுப் பராமரிப்புக்கு ஒரு நோட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். தேதிகளை நினைவூட்ட அலைபேசி போதும். அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ள நோட்டு வேண்டும்.

அளவெடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். சுத்திகரிப்பான் பல மணி நேரம் சும்மா இருந்துவிட்டு ஓடத் தொடங்கும்போது, முதலில் வரும் தண்ணீரில் டிடிஎஸ் கூடுதலாகக் காட்டும். நின்றிருந்த நேரத்தில் மெம்பரேனின் ஒரு பக்கத்து உப்பு மெல்ல மறுபக்கத்துக்குக் கசிந்திருப்பதே காரணம். அதனால் டேங்கைக் காலி செய்து, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு வரும் தண்ணீரை அளக்க வேண்டும். அப்படியே குழாயைத் திறந்து வைத்து, ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பார்த்துவிடலாம். டேங்க் காலியாக இருப்பதால் அது மெம்பரேன் தண்ணீர் தரும் வேகத்தையே காட்டும். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 75, 80 ஜிபிடி மெம்பரேனில் லிட்டருக்கு ஐந்து நிமிடம் வாக்கில் ஆகும். உள்ளே, வெளியே, நேரம் என்ற இந்த மூன்று எண்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதினால் போதும்.

மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது எந்தப் பாகத்தில் கோளாறு என்பதும் ஓரளவு பிடிபடும். தடுப்பு சரியாக இருந்து நேரம் மட்டும் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் ஆகிவிட்டால், முதலில் வெளியே தொங்கும் ஸ்பன் ஃபில்டரையும் உள்ளே இருக்கும் செடிமென்ட் ஃபில்டரையும் சந்தேகிக்க வேண்டும். மண் அடைத்துத் தண்ணீர் உள்ளே போக முடியாமல் திணறும். ஸ்பன் மலிவானது என்பதால் அதை மாற்றிவிட்டு மறுபடி நேரம் பார்க்கலாம். தடுப்பும் குறைந்து வேகமும் குறைந்தால் மெம்பரேன்மேல் சுண்ணாம்புக் காரை படிந்திருக்கக்கூடும். தடுப்பு குறைந்திருக்க வேகம் மட்டும் கூடினால், மெம்பரேனின் மெல்லிய படலமே சிதைந்துவிட்டது என்று பொருள். அதைச் சிதைப்பதில் முக்கியமான ஆள் குளோரின்.

நம் நவம்பர் வீட்டில் லிட்டருக்கு நான்கு நிமிடம்தான் ஆகிறது. தண்ணீர் வேகமாக வருகிறதே என்று மகிழத் தோன்றும், ஆனால் அதுதான் கெட்ட அறிகுறி. இந்த இடத்தில் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்ட வேண்டும். மெம்பரேனுக்கு முன்னால் குளோரினைப் பிடித்துவைப்பது கார்பன் ஃபில்டரின் வேலை. அதை மாற்றியது போன ஆண்டு ஜூனில், பதினேழு மாதம் ஆகிவிட்டது. ஆகஸ்டில் இன்னொரு வரி: "சம்ப், மேல் டேங்க் சுத்தம் – பிளீச்சிங் பவுடர் போட்டது." அன்று ஆர்.ஓ.வை நிறுத்தி வைத்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. ஓய்ந்துபோன கார்பன் வழியாக அந்தக் கூடுதல் குளோரின் மெம்பரேனைத் தொட்டிருக்க வேண்டும். ஒரு பாகத்தைக் கெடுத்த காரணம் வேறு இரண்டு வேலைகளின் தேதிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆர்.ஓ.வுக்கு ஒரு அட்டை, டேங்க் சுத்தத்துக்கு அசோசியேஷனில் ஒரு நோட்டீஸ் என்று தனித்தனியாகக் கிடந்தால் இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே செய்யாது.

கார்பனுக்கு ஒரு வம்பு உண்டு. அது ஓய்ந்துவிட்டதை டிடிஎஸ் மீட்டர் காட்டாது, ஏனென்றால் கார்பன் உப்பைத் தொடுவதேயில்லை. கண்ணுக்கும் தெரியாது. மெட்ரோ தண்ணீர் வரும் வீடுகளில், கார்பனைத் தாண்டி வரும் தண்ணீரில் குளோரின் சோதனைச் சொட்டு மருந்தை விட்டு நிறம் மாறுகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லலாம். அதுவும் முடியாதென்றால் தேதிதான் ஒரே துணை. யூவி விளக்கும் இந்த ஜாதிதான். நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கிருமியைக் கொல்லும் கண்ணுக்குத் தெரியாத கதிர் பல ஆயிரம் மணி நேரம் எரிந்தபின் பலவீனமாகிவிடும். எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஸ்பன்னோ நேர்மாறானது: பழுப்பேறிவிட்டால் கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும், தேதி பார்க்க வேண்டியதில்லை. ஒரே பெட்டிக்குள் இருக்கும் நான்கு பாகங்களில் ஒன்று கண்ணுக்குக் கட்டுப்படுகிறது, ஒன்று மீட்டருக்கு, மற்ற இரண்டும் தேதிக்கு. எல்லாவற்றையும் சேர்த்து "வருடாந்திர கிட்" என்று ஒரேயடியாக மாற்றுவது மெக்கானிக்குக்கு வசதி. நமக்கு அது சில பாகங்களில் காசு விரயம், சில பாகங்களில் தாமதம்.

இனி தேதிகளுக்கு வருவோம். நிறையப் பேர் செய்வது, அலைபேசியில் "ஆறு மாதத்துக்கு ஒருமுறை" என்று நினைவூட்டல் போட்டுவிடுவது. ஜனவரி 10, ஜூலை 10 என்று அது மணியடிக்கும். ஜூலையில் மெக்கானிக் வரவில்லை, நாமும் ஊருக்குப் போய்விட்டோம், வேலை செப்டம்பர் 20 அன்றுதான் நடந்தது. அலைபேசிக்கு அது தெரியாது. அடுத்த ஜனவரி 10 அன்று மறுபடி மணியடிக்கும், ஃபில்டருக்கு வயது நாலு மாதம்கூட ஆகியிருக்காது. அப்போது "பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று அணைப்போம். ஒருமுறை அணைத்துப் பழகியபின் அந்த மணிக்கு மரியாதை போய்விடும். ஃபில்டர் மாதிரி தேய்ந்துபோகும் பொருள்களுக்கு அடுத்த தேதியை, வேலை உண்மையில் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

ஆனால் அதையே எல்லாவற்றுக்கும் சட்டமாக்கினால் வேறு விதத்தில் மாட்டிக்கொள்வோம். ஏசி சர்வீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் செய்ய வேண்டியது ஒரு வருடம் மார்ச் கடைசிக்குத் தள்ளிப்போகிறது. நடந்த நாளிலிருந்து எண்ணினால் அடுத்த வருடத் தேதி மார்ச் கடைசி. அதுவும் ஒரு மாதம் தள்ளினால் ஏப்ரல் கடைசி, அக்கினி நட்சத்திரத்தின் வாசல். அப்போது சர்வீஸ்காரர் கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் நாலு வீட்டுக்கு நடுவே அவசரமாக ஓடுவார். இந்த வேலை பருவத்தில் ஆணியடித்து மாட்டப்பட்டது. போன வருடம் எப்போது நடந்திருந்தாலும் இந்த வருடம் பிப்ரவரிதான். வருடப் பராமரிப்பு ஒப்பந்தமும், அதாவது ஏ.எம்.சி.யும், இப்படிப்பட்டதே. ஒப்பந்த வருடத்துக்குள் மூன்று சர்வீஸ் என்றால், கூப்பிடாமல் விட்டது பெரும்பாலும் அடுத்த வருடத்துக்குச் சேராது.

ஆக, நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எழுதும்போதே, அது எங்கிருந்து எண்ணப்படுவது என்றும் ஒரு சொல்லில் குறித்துவிட வேண்டும். "செய்த நாளிலிருந்து" அல்லது "பிப்ரவரி" அல்லது "அளவைப் பார்த்து." நான் பார்த்த அச்சடித்த பராமரிப்பு அட்டைகள் எதிலும் இந்தக் கட்டம் இருந்ததில்லை.

பூச்சி மருந்து இந்த மூன்றுக்கும் அடங்காது. அதன் தேதியை முடிவு செய்வது பூச்சியின் முட்டை.

சமையலறையில் அலமாரிக் கீல், ஃபிரிட்ஜ் மோட்டார், மிக்ஸி அடிப்பகுதி என்று சூடான இடுக்குகளில் குடியிருக்கும் சின்ன, பழுப்புக் கரப்பானை ஜெர்மன் கரப்பான் என்கிறார்கள். ஆர்.ஓ. பெட்டிக்குள் இருக்கும் அடாப்டரின் கதகதப்பும் அதற்குப் பிடிக்கும். பெண் கரப்பான் முப்பது, நாற்பது முட்டைகள் கொண்ட கூட்டை வாலில் தூக்கிக்கொண்டே திரிந்து, பொரிக்கும் தறுவாயில்தான் இறக்கிவிடும். அந்தக் கூட்டின் ஓட்டைத் தாண்டி மருந்து உள்ளே போகாது. இன்று ஜெல் வைத்தால் தின்றவை சாகும், கூட்டுக்குள் இருப்பவை தப்பும். மூன்று, நான்கு வாரத்தில் அவை பொரித்து வெளியே வரும்போது அவற்றுக்காக ஜெல் காத்திருக்க வேண்டும். குஞ்சுகள் வளர்ந்து அடுத்த முட்டைக் கூட்டைச் சுமக்க ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். இந்த இடைவெளிக்குள் இரண்டாவது தடவை வந்து மருந்து வைத்தால்தான் தலைமுறைச் சங்கிலி அறும். "இப்பத்தான் ஒண்ணும் கண்ணுல படலையே" என்று இரண்டாவது விஜயத்தைத் தள்ளிப்போட்டு மூன்றாம் மாதத்தில் கூப்பிட்டால், அது தாமதமான இரண்டாவது விஜயமாக இருக்காது. புதிதாக முதலிலிருந்து தொடங்குகிறீர்கள்.

அதனால் நோட்டில் பூச்சி மருந்துக்கு ஒரு வரி போதாது. முதல் விஜயத்தை எழுதும்போதே, அதற்குக் கீழே இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வர வேண்டிய இரண்டாவது விஜயத்தின் தேதியையும் எழுதிவிட வேண்டும். இரண்டும் முடிந்த பிறகுதான் "மூன்று மாதத்துக்கு ஒருமுறை" என்ற வழக்கமான கணக்கு தொடங்கலாம்.

அந்த மூன்று மாதமும் வேதவாக்கில்லை. தேவையா என்று பார்க்க ஒட்டு அட்டை இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் பசை தடவிய அட்டையை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று, சிங்க்குக்குக் கீழே ஒன்று வைத்து, ஒரு வாரம் கழித்து எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று எண்ண வேண்டும். அருவருப்பான வேலைதான். ஆனால் மருந்து வைக்கும் முன் 14, ஒரு மாதம் கழித்து 3, மூன்றாம் மாதம் 0 என்று எண்கள் இருந்தால், அடுத்த தடவையைத் தள்ளிப்போடலாமா என்பதைத் துணிந்து முடிவெடுக்கலாம். 14, 12, 13 என்று போனால் மருந்து வேலை செய்யவில்லை.

அப்படி நடக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, என்ன மருந்து வைத்தார்கள் என்பது. ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் என்று ஜெல்லில் பல வகை உண்டு. ஒரே மருந்தை வருடக்கணக்கில் வைத்தால் தாக்குப்பிடிக்கும் கரப்பான்கள் பெருகும். ஜெல்லில் சேர்க்கும் இனிப்பையே வெறுத்து ஒதுக்கும் ஜெர்மன் கரப்பான்களை அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களிலேயே கண்டறிந்திருக்கிறார்கள். ஜெல் குழலைப் படம் எடுத்துக்கொண்டு அதிலுள்ள மருந்தின் பெயரை நோட்டில் எழுதினால், அடுத்த தடவை வேறு வகை கேட்க முடியும். கூடவே, எந்தப் பூச்சி என்றும் எழுத வேண்டும். ராத்திரியில் குளியலறையில் பறக்கும் பெரிய செம்பழுப்புக் கரப்பான் சாக்கடைவாசி. அதற்கு அலமாரியில் ஜெல் வைத்துப் பயனில்லை, வடிகாலுக்கு வலை மூடி போட வேண்டும்.

இன்னொன்று, ஜெல் வைத்த இடத்தில் கடையில் வாங்கிய ஸ்பிரே அடித்தால் கரப்பான் அந்த ஜெல்லை நெருங்காது. துடைத்தாலும் போயிற்று. டிசம்பர் கடைசியில் ஜெல் வைத்துவிட்டு, போகிக்கு அலமாரியையெல்லாம் சோப்புத் தண்ணீரால் துடைக்கும் வீடுகள் நம்மிடம் கொஞ்சநஞ்சமா? ஜனவரித் தவணையைப் பொங்கல் முடிந்த வாரத்துக்குத் தள்ளுவது நல்லது. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இதே கணக்குத்தான். கம்பெனியின் கணினி இதைப் பார்க்காது, அது தொண்ணூறு நாள் எண்ணி ஆளை அனுப்பும்.

கரையான் மருந்து இதற்கு நேர் எதிர், ஆண்டுக் கணக்கில் வரும் வேலை. சுவரும் தரையும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளை போட்டு மருந்தைச் செலுத்தி மூடுவார்கள். தேதியைவிட, எங்கெங்கே துளை போட்டார்கள் என்ற படம் இங்கே முக்கியம். இரண்டு வருடம் கழித்து டைல்ஸ் மாற்றவோ குழாய் பதிக்கவோ அந்த ஓரத்தை உடைத்தால் மருந்துத் தடுப்பு அந்த இடத்தில் அறுந்துவிடும். மீதி வீட்டுக்கு இன்னும் கெடு இருந்தாலும் அந்த அறைக்கு முடிந்துவிட்டது.

மற்ற சாதனங்களில் பெரும்பாலானவை இவ்வளவு வம்பு செய்வதில்லை. வாஷிங் மெஷினுக்கு மாதம் ஒருமுறை டப் கிளீன், ஏசி வலையைக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுதல் போன்றவற்றை எழுதவே வேண்டாம் என்பேன். அடிக்கடி வரும் வேலை கைப்பழக்கத்தில் வந்துவிடும். அதையெல்லாம் எழுதத் தொடங்கினால் பத்து நாளில் நோட்டு சலித்துப் பரணுக்குப் போய்விடும். நினைவில் நிற்காத அளவுக்கு நீண்ட இடைவெளிகளுக்குத்தான் நோட்டு. கேஸ் அடுப்பின் ஆரஞ்சு நிற ரப்பர் குழாய் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. காலக்கெடு அதன் மேலேயே அச்சாகியிருக்கும், ஆனால் குனிந்து பார்ப்பவர் யார்?

எழுதக் கூடாத இடைவெளி என்றும் ஒன்று உண்டு. ஏசிக்கு "கேஸ் டாப்-அப், வருடம் ஒருமுறை" என்று சிலர் எழுதி வைத்திருப்பார்கள். ஏசியில் உள்ள குளிர்வாயு பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, கசிவு இல்லாதவரை குறையாது. போன மார்ச்சில் கேஸ் போட்டது, இந்த மார்ச்சில் மறுபடி போட்டது என்று நோட்டில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து நின்றால் அது பராமரிப்பே இல்லை, சரி செய்யப்படாத கசிவு. கடலோர ஊர்களில் உப்புக் காற்று அரித்த காயிலில் இது சகஜம். மெக்கானிக்கிடம் அந்த இரண்டு வரிகளைக் காட்டி, "கேஸ் போடுறதுக்கு முன்னாடி எங்க லீக்னு பாருங்க தம்பி" என்று கேட்கலாம். கசிவு எங்கே இருந்தது, எத்தனை கிராம் வாயு ஏற்றினார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியும் இப்படித் தன் கதையைச் சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது, ஊற்றினோம் என்று மட்டும் எழுதாமல் எவ்வளவு என்று எழுத வேண்டும். மின்வெட்டு கூடாமலேயே அரை லிட்டர், அரை லிட்டர் என்று போய்க்கொண்டிருந்தது ஒன்றரை லிட்டருக்கு ஏறினால், சார்ஜிங் அளவுக்கு மீறுகிறது அல்லது பேட்டரிக்கு வயதாகிவிட்டது. அது கைவிடும் முன்பே மாற்றுக்குத் திட்டமிடலாம்.

நோட்டின் வடிவத்துக்கு வருகிறேன். காகிதம் போதும். ஒரு பழைய நோட்டில், முன்பக்கத்திலிருந்து தேதி வாரியாக நடந்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள்: தேதி, என்ன வேலை, யார் செய்தார், என்ன அளவு, எவ்வளவு கொடுத்தோம். சாதனத்துக்கு ஒரு பக்கம் என்று பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்தால் ஆகஸ்ட் பிளீச்சிங் பவுடரும் நவம்பர் மெம்பரேனும் பக்கத்தில் பக்கத்தில் வராது. கடைசிப் பக்கத்தில் மட்டும் வேலைகளின் பட்டியல், இடைவெளி, எங்கிருந்து எண்ணுவது, அடுத்த தேதி. அடுத்த தேதியைப் பென்சிலில் எழுதுவது நல்லது.

கணினியோ அலைபேசியோ பழக்கமென்றால் விரிதாளில் இரண்டு தாள்கள் போதும். "பதிவு" என்ற தாளில் முதல் நெடுவரிசை தேதி, இரண்டாவது வேலையின் பெயர், மற்றவை உங்கள் விருப்பம். இன்னொரு தாளில் முதல் நெடுவரிசையில் வேலையின் பெயர், இரண்டாவதில் இடைவெளி நாட்கள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கட்டங்களில் முறையே இவை:

```
=MAXIFS('பதிவு'!A:A,'பதிவு'!B:B,A2)
=C2+B2
=D2-TODAY()
```

முதல் வரி அந்த வேலை கடைசியாக நடந்த தேதியைத் தேடி எடுக்கும். இரண்டாவது அடுத்த தேதி. மூன்றாவது இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பது, கெடு தாண்டினால் மைனஸில் காட்டும். ஏசி சர்வீஸ் போன்ற பருவ வேலைகளுக்கு நான்காவது கட்டத்தில் சூத்திரத்தை அழித்துவிட்டுத் தேதியைக் கையால் போடுங்கள். வேலையின் பெயரை இரண்டு தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும். "கார்பன்" என்று ஓரிடத்திலும் "கார்பன் ஃபில்டர்" என்று இன்னோரிடத்திலும் இருந்தால் சூத்திரம் கண்டுபிடிக்காமல் நூறு ஆண்டுக்கும் மேல் பழைய தேதி ஒன்றைக் காட்டும். பதிவே இல்லாத வேலைக்கும் அப்படித்தான்.

பெரும்பாலும் நோட்டுத் தொடங்கும் நாளிலேயே இந்தச் சிக்கல் வரும்: கடைசியாக எப்போது நடந்தது என்றே தெரியாது. தேடினால் பாதி கிடைத்துவிடும். மெக்கானிக்குகள் பலர் ஃபில்டரின் மேலேயோ பெட்டியின் மூடிக்குள்ளேயோ மார்க்கரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். அலைபேசியில் "service" என்று தேடினால் பழைய குறுஞ்செய்திகள் வரும், பணம் அனுப்பும் செயலியில் அந்த மெக்கானிக்கின் பெயரைத் தட்டினால் கொடுத்த தேதியும் தொகையும் நிற்கும். பேட்டரியின் வாரன்டி அட்டையில் விற்ற தேதி இருக்கும். எதிலும் கிடைக்காத வேலைக்கு, ஆர்.ஓ.வின் கார்பனோ யூவி விளக்கோ என்றால், இப்போதே மாற்றிவிட்டு இன்றைய தேதியைப் போட்டுவிடலாம். மெம்பரேன் என்றால் மாற்றாமல், அன்றைய மூன்று எண்களை மட்டும் எடுத்து முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் டிடிஎஸ் கன்ட்ரோலர் திருகு இருந்தால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு படமும் எடுத்து வையுங்கள். கொஞ்சம் கச்சாத் தண்ணீரைச் சுவைக்காகத் திரும்பக் கலந்துவிடும் திருகு அது. அதை யாராவது திருப்பிவிட்டால், மெம்பரேனில் ஒன்றுமே ஆகாமல் மேலே போட்ட சதவீதக் கணக்கு முழுவதும் மாறிவிடும்.